கல்யாணச் சாப்பாடு பேசுவது எப்படி: முதல் கொட்டேஷனிலிருந்து கடைசி பில் வரை

கும்பகோணம் பக்கம் ஒரு கேட்டரிங்காரரிடம் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எனக்குச் சமைக்கத் தெரியாது, ஆனால் சண்டை எந்த இடத்தில் வரும் என்று நன்றாகத் தெரியும். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூடப் பெரும்பாலான வீடுகளில் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசிப் பந்தி முடிந்து, மண்டபத்து வாட்ச்மேன் விளக்கை ஒவ்வொன்றாக அணைக்கும் நேரத்தில், பெண்ணின் அப்பா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு "இத்தனை இலை எப்படி ஆச்சு?" என்று கேட்பாரே, அங்கேதான் வரும். அந்தக் கேள்விக்கான பதிலை மூன்று மாதம் முன்பே எழுதி வைத்துக்கொள்வது எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன். நான் எங்கள் பக்கத்து ஆள்தான் என்றாலும் இதை உங்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஒன்று முதலில். சாப்பாட்டு காண்ட்ராக்ட் இரண்டு விதம். கூலிக்கு மட்டும் பேசினால், மாஸ்டர் மளிகை லிஸ்ட் எழுதிக் கொடுப்பார், சாமான் வாங்குவது உங்கள் தலையில். மற்றது, சாமானோடு சேர்த்து இலைக்கு இவ்வளவு என்று பேசுவது. இப்போது பெரும்பாலும் இரண்டாவதுதான், அதைப் பற்றித்தான் இங்கே. எங்கள் பேச்சில் ஓர் இலை என்றால் ஒரு சாப்பாடு. தலை எண்ணிக்கை என்று யாரும் சொல்வதில்லை, "மதியம் எத்தனை இலை?" என்றுதான் கேட்போம்.

கொட்டேஷன் கேட்கும்போது

"ஒரு இலை எவ்வளவு?" என்று போனில் கேட்டால் ஒரு விலை சொல்வோம், அந்த விலைக்கு அர்த்தமே கிடையாது. மூன்று பேரிடம் கேட்டு மலிவானவரைப் பிடித்தேன் என்று பெருமைப்படுகிறவர்கள் பலர் மூன்று வேறு சாப்பாட்டின் விலையைத்தான் ஒப்பிட்டிருப்பார்கள். அதனால் முதலில் மெனுவை நீங்களே வேளைவாரியாக எழுதுங்கள்: ரிசப்ஷன் இரவுச் சாப்பாடு, முகூர்த்தக் காலை டிபன், மதியச் சாப்பாடு. அந்த ஒரே தாளை எல்லோரிடமும் கொடுத்து விலை கேளுங்கள்.

"21 வகை" என்று சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள், உப்பு ஒன்று, ஊறுகாய் ஒன்று, அப்பளம் ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று என்று அதில் வந்திருக்கும். தப்பு இல்லை, அதுதான் வழக்கம். ஆனால் விலையைத் தூக்குவது மொத்த எண்ணிக்கை கிடையாது, அதில் இருக்கிற நான்கைந்து உருப்படிதான். இனிப்பு ஒன்றா இரண்டா, பாதாம் அல்வாவா ரவா கேசரியா, பன்னீர் கிரேவி உண்டா, ஐஸ்கிரீம் கப்பா இல்லை ஸ்கூப்பா, தோசைக்குத் தனி கவுண்டரா. இந்த உருப்படிகளுக்கு மட்டும் "ஓர் இலைக்கு எத்தனை?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஜாங்கிரி ஒன்று, மசால் வடை ஒன்று, போளி ஒன்று, இப்படி. சாதம், சாம்பார், ரசம், மோருக்கு இந்தக் கேள்வி தேவையில்லை, அதெல்லாம் கேட்கக் கேட்க வரும்.

அப்புறம், இலை விலைக்குள் என்னென்ன அடங்கும் என்பது. வண்டி வாடகை, கேஸ் சிலிண்டர், பரிமாறும் ஆட்கள், இலை எடுக்கும் ஆட்கள், பேப்பர் ரோல், தண்ணீர் பாட்டில். சில மண்டபங்களில் கேஸையும் பாத்திர வாடகையையும் மண்டபத்துக்காரரே உங்கள் பில்லில் ஏற்றுவார், அந்த மாதிரி இடத்தில் கேட்டரிங்காரரும் அதைச் சேர்த்திருந்தால் இரண்டு முறை கொடுப்பீர்கள். மண்டபத்தில் முதலில் கேட்டுவிட்டு வந்து எங்களிடம் பேசுங்கள்.

ஜிஎஸ்டி தனியா, சேர்த்தா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். மண்டபத்துக்கு வந்து சமைத்துப் போடும் சாதாரண கேட்டரிங்குக்கு 5%. பெரிய ஓட்டல் வளாகத்துக்குள்ளேயே நடக்கும் விருந்தில் சில இடங்களில் 18% வரும், நான் அந்தப் பக்கம் போனதில்லை. ஜிஎஸ்டி போடுகிறவர் என்றால் அவருக்கு 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். gst.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். எண்ணே இல்லாமல் 5% வாங்குகிறவர் அரசுக்குக் கட்டப் போவதில்லை.

எத்தனை பேர் என்று எப்படிச் சொல்வது

நம் ஊரில் வருகிறேன், வரவில்லை என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பத்திரிகை 400 அடித்தோம், அதனால் 1,200 பேர் என்று பெருக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், "எங்க சைடு கூட்டம் கம்மி" என்று 200 சொல்லிவிட்டு மூன்றாம் பந்தியில் முகம் வெளிறிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்லும் வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். பத்திரிகை கொடுத்த லிஸ்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று எண்கள் போடுங்கள்: ரிசப்ஷனுக்கு எத்தனை பேர், காலை டிபனுக்கு எத்தனை, மதியத்துக்கு எத்தனை. ஆபீஸ் நண்பர்கள் ரிசப்ஷனோடு சரி. தெருக்காரர்களில் ஒரு வீட்டுக்கு ஒருவர் வந்து மொய் எழுதிச் சாப்பிட்டுப் போவார். மண்டபத்து ரூமில் தங்குகிறவர்கள்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்கள். இப்படிப் போட்டால் மூன்று வேளைக்கும் மூன்று எண்கள் தனித்தனியாக வரும். எல்லா வேளைக்கும் ஒரே எண்ணைச் சொல்வது பணத்தைக் கொட்டுவதற்குச் சமம், அதிலும் காலை டிபனைத்தான் எல்லோரும் கூட்டிச் சொல்கிறார்கள். ஏழு மணிக்கு மண்டபத்தில் இருப்பது தங்கினவர்களும் உள்ளூர்ச் சொந்தமும்தான்.

நாதஸ்வரக்காரர்கள், போட்டோ வீடியோ ஆட்கள், டிரைவர்கள், டெக்கரேஷன்காரர்கள், இவர்களும் இலைதான். இருபத்தைந்து முப்பது பேர் தாராளமாக வந்துவிடுவார்கள், லிஸ்டில் யாரும் எழுதுவதில்லை. எங்கள் ஆட்கள் சாப்பிடுவது கணக்கில் வராது, அதையும் கொட்டேஷனில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை மாறும்போது

மாறாத கல்யாணம் கிடையாது. அதனால் பேச வேண்டியது மூன்று விஷயம்: எந்தத் தேதி வரை மாற்றலாம், அதற்குப் பிறகு குறைந்தால் என்ன, கூடினால் என்ன.

தேதி எதற்கு என்றால், சரக்கு ஒரே நாளில் வாங்குவதில்லை. மளிகை ஒரு வாரம் முன்பே வந்துவிடும். இலை, பால், ஆட்கள் மூன்று நான்கு நாள் முன்பு சொல்லியாக வேண்டும், அதிலும் வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஒரே நாளில் ஊர் முழுக்கக் கல்யாணம், பரிமாற ஆள் கிடைக்காது. இனிப்பு இரண்டு நாள் முன்பு அடுப்பில் ஏறும். காய்கறி மட்டும்தான் முதல் நாள். ஆகவே நான்கு நாளுக்கு முன் சொல்லும் எண்ணைக் கடைசி எண்ணாக வைத்துக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நியாயம்.

குறைந்தால்? பல கேட்டரிங்காரர்கள் சொன்ன எண்ணுக்கு முழுப் பணம் கேட்பார்கள். நீங்கள் பேசிப் பார்க்க வேண்டியது 90% உத்தரவாதம். 300 இலை என்று சொன்னால் 270 இலைக்குக் கட்டாயம் பணம், அதற்கு மேல் எத்தனை இலை விழுகிறதோ அத்தனைக்கு. எங்களிடம் கேட்டால் எங்கள் முதலாளி முதலில் முகம் சுளிப்பார், பிறகு ஒத்துக்கொள்வார், ஏனென்றால் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று தெரிந்தே அடுப்பில் ஏற்றுகிறோம்.

கூடினால்? இங்கே ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாதமும் சாம்பாரும் ரசமும் அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். எண்ணிச் செய்த பண்டங்களை ஏற்ற முடியாது, போளி, ஜாங்கிரி, பன்னீர் அதெல்லாம். சொன்னதற்கு மேல் 10% வரை அதே மெனு அதே விலை, அதைத் தாண்டினால் இருப்பதை வைத்துச் சமாளிப்போம், இனிப்பு மாறலாம் என்பதுதான் நேர்மையான பேச்சு. "எவ்வளவு வந்தாலும் பார்த்துக்கலாம் சார்" என்கிறவரிடம், போளிக்குப் பதில் என்ன வைப்பீர்கள் என்று கேளுங்கள். முழிப்பார்.

மாற்றத்தை வாயால் சொல்லாதீர்கள். ஒரு கல்யாணத்தில் ரிசப்ஷனுக்கு 400 இலை என்று முடிவாகியிருந்தது. அன்று மாலை நாலு மணிக்குப் பெண்ணின் தாய்மாமா சமையற்கட்டுக்கு வந்து, மாஸ்டர் தோளில் கை போட்டு, "அண்ணே, மாப்பிள்ளை வீட்ல பஸ் ரெண்டு கூட வருது, ஒரு நூறு சேர்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாஸ்டரும் சேர்த்துவிட்டார். இரண்டு பஸ்ஸும் வந்தது, ஆனால் பாதிப் பேர் முதலில் சொன்ன 400-க்குள்ளேயே இருந்தவர்கள். கூடுதலாகப் பொங்கியது அண்டாவோடு நின்றது. பெண்ணின் அப்பாவுக்கு விஷயமே தெரியாது. மாமாவைத் தேடினால் அவர் ஊருக்குப் பஸ் ஏறியிருந்தார். எங்கள் முதலாளி பாதி நஷ்டத்தை ஏற்றுக்கொண்டார், மீதியைப் பெண்ணின் அப்பா கொடுத்தார், இரண்டு பேருக்கும் மனசில்லை. அதன் பிறகு கொட்டேஷனில் ஒரு வரி சேர்த்தோம்: எண்ணிக்கை மாற்றத்தைச் சொல்ல வீட்டார் தரப்பில் ஒருவர், எங்கள் தரப்பில் ஒருவர், வாட்ஸ்அப்பில் மட்டும்.

செய்தி இப்படி இருந்தால் போதும்:

"ரிசப்ஷன் 500 இருந்தது, இப்போது 600. டிபன் 250, மாற்றம் இல்லை. மதியம் 350 இருந்தது, இப்போது 300. மெனுவில் மாற்றம் இல்லை. புது மொத்தம் போட்டு அனுப்பவும்."

பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே வரியில் இருக்க வேண்டும், மாறாததையும் எழுத வேண்டும். "100 கூட்டிக்கோங்க" என்று மட்டும் அனுப்பினால் எந்த வேளைக்கு என்று நாங்கள் ஒன்று நினைப்போம், நீங்கள் ஒன்று நினைப்பீர்கள்.

அட்வான்ஸ்

தேதியைப் பிடிக்க ஒரு தொகை, மளிகைக்கு முன் ஒரு தொகை, மீதி கடைசிப் பந்திக்குப் பிறகு. முதல் தொகை 10% சுற்றி, இரண்டும் சேர்ந்து 60% என்பது நடுநிலையான பேச்சு. 80, 90% முன்பே கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசியில் பேச உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

ரசீதில் தேதி, எந்த நாள் எந்த மண்டபத்து விசேஷத்துக்கு என்பது, தொகை, இதுவரை கொடுத்தது மொத்தம் எவ்வளவு, இவ்வளவும் இருக்கட்டும். கூடவே, தேதி தள்ளிப் போனால் அட்வான்ஸ் என்னாகும் என்று ஒரு வரி. வீட்டில் ஒரு துக்கம் என்றால் தள்ளி வைப்பது சகஜம்தான், அந்த நேரத்தில் போய் இதைப் பேசுவது யாருக்கும் நன்றாக இருக்காது. மளிகை வாங்குவதற்கு முன் சொன்னால் முழுவதையும் புதுத் தேதிக்கு வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம், எல்லோரும் அப்படி இல்லை.

பணமாகக் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று. ஒரே விசேஷத்துக்காக ஒருவரிடமிருந்து மொத்தம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2017 ஏப்ரல் முதல் இருக்கிறது, பிரித்துப் பிரித்து வாங்கினாலும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அபராதம் வாங்குகிறவருக்குத்தான், அதனால் நாங்களே பேங்கில் போடச் சொல்வோம். உங்களுக்கும் அதில் சாட்சி கிடைக்கிறது.

பந்தியில் இலை எண்ணுவது

கொண்டு வந்த இலையில் மிச்சத்தைக் கழித்தால் விழுந்த இலை என்று ஒரு கணக்கு உண்டு. அது ஒத்து வராது. கிழிந்த இலை, அடியில் போட்ட இரண்டாவது இலை, சமையற்கட்டில் பலகாரம் மூட எடுத்த இலை எல்லாம் அதில் சாப்பாடாகிவிடும். எச்சில் இலையைத் தொட்டியில் எண்ணுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பந்திவாரியாக எண்ணுங்கள். உங்கள் வீட்டு ஆள் ஒருவர், எங்கள் சூப்பர்வைசர் ஒருவர். பந்தி நிறைந்து சாதம் வருவதற்கு முன் இரண்டு பேரும் வரிசையோடு நடந்து எண்ணி, ஒரே நோட்டில் எழுதி, இரண்டு கையெழுத்து. ஒரு பந்திக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. கல்லூரியில் படிக்கிற பையன் யாராவது இருந்தால் இந்த வேலையைக் கொடுங்கள், சித்தப்பாக்களுக்கு வேண்டாம், அவர்கள் வருகிறவர்களைக் கும்பிடப் போய்விடுவார்கள்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கதவு திறப்பதற்கு முன்பே இலை போட்டு உப்பு, இனிப்பு, கூட்டு, பொரியல் வைத்துவிடுவோம். 180 இலை போட்ட இடத்தில் 150 பேர்தான் உட்கார்ந்தார்கள் என்றால், மீதி 30 இலை யார் கணக்கு? பண்டம் வைத்த இலை என்பதால் எங்களுக்குச் செலவுதான். ஆள் உட்காரவில்லை என்பதால் உங்களுக்கு அநியாயமாகத் தெரியும். முதல் இரண்டு பந்தியில் இது வராது, கடைசிப் பந்தியில்தான் வரும். ஆகவே பேச வேண்டியது: உட்கார்ந்தவர்களைத்தான் எண்ணுவோம், கடைசி இரண்டு பந்திக்கு உங்கள் ஆள் சொல்லும் எண்ணிக்கைக்கு மட்டுமே இலை போடுவோம். அந்தப் பையன் ஹாலில் நாற்காலியில் இருக்கும் தலைகளைப் பார்த்துவிட்டு வந்து "அறுபத்தஞ்சு போடுங்கண்ணே" என்று சொன்னால் முடிந்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் ஊரில் மாறும். முதல் கொட்டேஷன்: ரிசப்ஷன் 500 இலை, ₹320 வீதம் ₹1,60,000. டிபன் 250, ₹140 வீதம் ₹35,000. மதியம் 350, ₹300 வீதம் ₹1,05,000. மொத்தம் ₹3,00,000, ஜிஎஸ்டி தனி. தேதி பிடிக்க ₹30,000 கொடுத்தாயிற்று.

பன்னிரண்டு நாள் முன்பு மேலே சொன்ன வாட்ஸ்அப் செய்தி வருகிறது. 600, 250, 300. புது மொத்தம் ₹1,92,000 + ₹35,000 + ₹90,000 = ₹3,17,000. இரண்டாவது அட்வான்ஸ் ₹1,60,000, இரண்டும் சேர்ந்து ₹1,90,000, ஏறக்குறைய 60%.

ரிசப்ஷனில் நான்கு பந்தி: 180, 176, 148, 64. நோட்டில் 568. சொன்னது 600, உத்தரவாதம் 540, விழுந்தது அதற்கு மேல், ஆகவே 568-க்குத்தான் பில், ₹1,81,760. காலை டிபனுக்கு 205 பேர்தான் வந்தார்கள். உத்தரவாதம் 225, அதற்குப் பணம் கொடுத்தாக வேண்டும், ₹31,500. மதியம் எதிர்பாராமல் 334. சொன்ன 300-க்கு மேல் 10% என்றால் 330, கடைசி நான்கு பேருக்குப் போளி இல்லை, பாயசம் இரண்டு முறை கொடுத்துச் சமாளித்தோம், விலை அதேதான். ₹1,00,200. சாப்பாடு மொத்தம் ₹3,13,460.

இதில் மெனுவில் இல்லாத ஒன்று, மாப்பிள்ளை அழைப்பின்போது கேட்ட 120 காபி, ₹20 வீதம் ₹2,400. ஆகக்கூடி ₹3,15,860. 5% ஜிஎஸ்டி ₹15,793. மொத்தம் ₹3,31,653. அட்வான்ஸ் ₹1,90,000 கழித்தால் மீதி ₹1,41,653.

கல்யாணத்துக்கு முன் நினைத்த 3,17,000-க்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்ததும் பலருக்குக் கோபம் வரும். ஆனால் ஜிஎஸ்டியை எடுத்துவிட்டால் சாப்பாட்டுப் பில் குறைந்துதான் இருக்கிறது. 90% பேசாமல் சொன்ன எண்ணுக்கே முழுப் பணம் என்றிருந்தால், ரிசப்ஷனுக்கும் டிபனுக்கும் சேர்த்து ₹13,740 கூடுதலாகப் போயிருக்கும்.

பில்லைப் பார்க்கும்போது

காபி மாதிரி கூடுதல் உருப்படிகளில்தான் இப்போது கவனம் வேண்டும். யார் கேட்டார்கள், எப்போது என்று நோட்டில் அன்றே ஒரு வரி இருந்தால் பிரச்சினை இல்லை. பரிமாறிய ஆட்களுக்கு பேட்டா கொடுப்பது உங்கள் விருப்பம், பில்லில் ஒரு வரியாக வந்தால் கொட்டேஷனில் அது இருந்ததா என்று கேளுங்கள். இரண்டு வீட்டாரும் செலவைப் பிரித்துக்கொள்கிறவர்கள் என்றால் ரிசப்ஷனுக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று என்று இரண்டு பில்லாகக் கேளுங்கள், அட்வான்ஸ் எதில் கழிகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். சம்பந்திகள் இருவரும் ஒரே பில்லைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி நல்லதில்லை.

மிச்சமான சாப்பாடு உங்களுடையது. யார் எடுத்துப் போகிறார்கள், எந்தப் பாத்திரத்தில் என்று மதியமே முடிவு செய்யாவிட்டால் அண்டாவோடு நிற்பீர்கள், அண்டா எங்களுடையது. மண்டபத்துப் பாத்திரங்களை எண்ணி ஒப்படைத்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள், கரண்டி நான்கு குறைந்தாலும் மண்டபத்துக்காரர் உங்கள் டெபாசிட்டில்தான் கை வைப்பார். பில்லில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டோம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, பந்தி நோட்டின் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் எங்கள் வண்டி கிளம்பலாம்.